யு.கே.ஜி. ஆண்டு இறுதிக் கடிதம்: புதிதாக வந்த ஆசிரியைகளுக்கு

பிப்ரவரி கடைசியில் தலைமை ஆசிரியை கூப்பிட்டு, "யு.கே.ஜி. பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு லெட்டர் எழுதிடுங்க மிஸ், ஏப்ரல் மீட்டிங்ல பேரண்ட்ஸ் கையில கொடுக்கணும்" என்பார். கூடவே போன வருடத்து மாதிரி ஒன்றும் கிடைக்கும். "மிகவும் சுறுசுறுப்பான குழந்தை. பாடங்களை ஆர்வத்துடன் கற்கிறான். கையெழுத்தில் சற்றுக் கவனம் தேவை. ஒன்றாம் வகுப்பில் சிறக்க வாழ்த்துகள்." வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் பெயரை மட்டும் மாற்றி ஒரே மதியத்தில் முப்பதையும் முடித்துவிடலாம். வாங்கும் அம்மாவும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொள்வார். அதில் அவருக்குத் தெரியாதது எதுவும் இருக்காது.

அந்த அம்மாவுக்குத் தெரியவேண்டியவை இரண்டு. போன ஜூனில் வந்த பிள்ளை இந்த ஏப்ரலுக்குள் எதில் மாறியிருக்கிறது என்பது ஒன்று. வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு வாசலில் விட்டுவிட்டுத் திரும்பினால் உள்ளே என்ன செய்யும், எதற்குத் திணறும் என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் பதில் சொல்லும் கடிதத்தை எப்படித் தயார் செய்வது என்று இங்கே எழுதுகிறேன். நான் பார்த்ததெல்லாம் தமிழ்நாட்டு நர்சரி பள்ளிகள்தான். அங்கன்வாடியோடு சேர்ந்த யு.கே.ஜி. வகுப்புகளுக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள்

கடிதம் எழுதும் முன் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த தேதியையும் எடுத்து, ஏப்ரலில் எத்தனை வயது எத்தனை மாதம் என்று பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வகுப்பில் ஜூனில் பிறந்த பிள்ளையும் அடுத்த மே மாதம் பிறந்த பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஐந்து வயதில் பதினோரு மாதம் என்பது, அதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. "மந்தமான பிள்ளை" என்று உங்கள் மனதில் பதிந்திருப்பவர்களில் சிலர் வெறுமனே சின்னப் பிள்ளைகள் என்பது இந்தப் பட்டியலைப் பார்த்ததும் புரியும்.

தமிழ்நாட்டில் ஐந்து வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறோம். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறு வயது என்கிறது. இந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்கு அடுத்து 2022இல் வந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, மூன்று வயது முதல் எட்டு வயது வரை, அதாவது இரண்டாம் வகுப்பு முடியும் வரை ஒரே கட்டமாக வைத்திருக்கிறது. நம் அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, எழுத்து தெரியாமல் வரும் பிள்ளையையும் எதிர்பார்த்துத்தான் ஆரம்பிக்கிறது. ஆக, யு.கே.ஜி. முடிவில் பாஸ், ஃபெயில் போடுகிற கோடு எதுவும் கிடையாது. உங்கள் கடிதமும் "ஒன்றாம் வகுப்புக்குத் தயார்", "தயார் இல்லை" என்று தீர்ப்பு எழுதக் கூடாது. தானாகச் செய்வது, கொஞ்சம் உதவினால் செய்வது, இன்னும் வராதது என்று மூன்றாகச் சொன்னால் போதும். அதில் படிப்பவருக்கு வேலை இருக்கிறது. தீர்ப்பில் பயம் மட்டும்தான் இருக்கிறது.

பிள்ளைக்கு ஒரு பக்கம்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஜூனிலேயே தொடங்கியிருந்தால் நல்லது. தொடங்கவில்லை என்றால் பரவாயில்லை, இன்றைக்குத் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஐந்து பிள்ளைகளை மட்டும் கவனியுங்கள். எல்லோரையும் ஒரே நாளில் பார்க்கப் போனால் சத்தம் போடுகிறவனும் முதலில் கை தூக்குகிறவளும்தான் கண்ணில் படுவார்கள். நடுவில் அமைதியாக இருக்கும் பத்துப் பேர் பக்கம் காலியாகவே இருக்கும். கடிதம் எழுதும்போது கஷ்டப்படுத்துவது அந்தப் பத்துப் பேர்தான்.

என்ன எழுதுவது? தேதி, இடம், பிள்ளை செய்தது, பிள்ளை சொன்ன வார்த்தை. உங்கள் அபிப்பிராயம் வேண்டாம். "பகிர்ந்துகொள்ளும் குணம் உண்டு" என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து அது உங்களுக்கே ஒன்றும் சொல்லாது. "டிபன் நேரம். பக்கத்தில் இருந்தவள் சாப்பாடு கொண்டு வரவில்லை. கேட்காமலே இட்லியைப் பிய்த்து மூடியில் வைத்து நகர்த்தினாள்" என்று எழுதினால் அதை அப்படியே கடிதத்தில் வைக்கலாம்.

பாட நேரத்தைவிட மற்ற நேரத்தில்தான் அதிகம் கிடைக்கும். டிபன் பாக்ஸ் மூடி, வரிசையில் நிற்பது, பாத்ரூம் போகக் கேட்பது, விளையாட்டில் தோற்பது, வேன் வரும் வரை காத்திருப்பது, இவையெல்லாம் ஒன்றாம் வகுப்புக்கு நேரடியாகத் தேவைப்படுபவை. யு.கே.ஜி.யில் ஆயாம்மா பக்கத்திலேயே இருப்பார். ஒன்றாம் வகுப்பில் பெரும்பாலும் இருக்க மாட்டார். மூடி திறக்கத் தெரியாத பிள்ளை அங்கே பாதிச் சாப்பாட்டோடு வீட்டுக்கு வரும். பாத்ரூம் போகவேண்டும் என்று புது மிஸ்ஸிடம் வாய் திறந்து கேட்காத பிள்ளை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். பெற்றோருக்கு இந்த விஷயங்கள் சின்னதாகத் தெரியும். அதனால்தான் கடிதத்தில் எழுதவேண்டும்.

ஜூன் மாதக் குறிப்பு இல்லாதவர்கள் பழைய நோட்டுகளைத் தேடி எடுங்கள். முதல் வாரம் எழுதிய பக்கம், முதல் படம், சுதந்திர தின ஃபோட்டோவில் யார் பக்கத்தில் நிற்கிறது என்பதுவரை எல்லாமே சாட்சிதான்.

மார்ச்சில் மூன்று சின்ன உட்காரல்

நோட்டில் சேராத சில விஷயங்களை நாமே பார்க்கவேண்டியிருக்கும். ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். தேர்வு என்று சொல்லாதீர்கள். பாயில் உட்கார வைத்து விளையாட்டுப் போலவே செய்யலாம்.

முதலாவது புளியங்கொட்டை. பத்துக் கொட்டையைச் சிதறிப் போட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் "அப்ப எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். சில பிள்ளைகள் "பத்து" என்பார்கள். சில பிள்ளைகள் திரும்ப முதலிலிருந்து எண்ண ஆரம்பிப்பார்கள். அவர்களுக்கு எண்ணுவது ஒரு பாட்டு. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. அடுத்து, இருபது கொட்டையைக் குவித்து வைத்து "எனக்கு ஏழு கொடு" என்று கையை நீட்டுங்கள். "நூறு வரைக்கும் கடகடன்னு சொல்லுவான் மிஸ்" என்று அம்மா பெருமைப்படும் பிள்ளை ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுப்பதை இங்கே பார்ப்பீர்கள். ஒன்றாம் வகுப்பில் கூட்டல் வரும்போது முதலில் சிக்கிக்கொள்வது இந்தப் பிள்ளைதான். நூறு வரை சொல்வதால் வீட்டில் யாருக்கும் அது தெரிந்திருக்காது.

இரண்டாவது கதை. பாட்டி வடை சுட்ட கதையை முதல் நாள் வகுப்பில் சொல்லிவிட்டு, மறுநாள் ஒவ்வொருவராகத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வரிசை தப்பாமல் வருகிறதா, "அப்புறம்", "அதனால" என்று கோத்துச் சொல்கிறதா, அல்லது "வடை, காக்கா, நரி" என்று பெயர்களோடு நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். முடிவில் "காக்கா எதுக்குப் பாடுச்சு?" என்று ஒரு கேள்வி. கதையில் நடந்ததைச் சொல்வது ஒரு படி. ஏன் நடந்தது என்று சொல்வது அடுத்த படி. நன்றாக வாசிக்கும் பிள்ளை இந்தக் கேள்விக்கு மௌனமாக இருப்பதும், எழுத்துக் கூட்டவே வராத பிள்ளை அழகாகப் பதில் சொல்வதும் சாதாரணமாக நடக்கும். கடிதத்தில் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது எழுத்து. "படம்", "மரம்", "பழம்" மாதிரி கால், கொம்பு இல்லாத சொற்கள் ஐந்து, பிறகு "மாடு", "கிளி", "பூனை" மாதிரி ஐந்து. பிள்ளை "ப... ட... ம்" என்று எழுத்தெழுத்தாகச் சொல்லி அங்கேயே நிற்கிறதா, சேர்த்து "படம்" என்று சொல்கிறதா என்பதுதான் கவனிக்கவேண்டியது. எழுத்து முழுவதும் தெரிந்தும் சேர்க்க வராத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. கூடவே பென்சில் பிடிப்பதையும் பாருங்கள்: மூன்று விரலிலா, முஷ்டியிலா, அரைப் பக்கத்தில் கையை உதறுகிறதா. ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதி, பார்த்து எழுதச் சொல்லுங்கள். யு.கே.ஜி.யில் பெரும்பாலும் நோட்டில் நாம் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதுவார்கள். பலகையைப் பார்த்து எழுதுவது ஒன்றாம் வகுப்பில் திடீரென்று வரும் புது வேலை. கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பிள்ளையும், பக்கத்து நோட்டைப் பார்த்தே எழுதும் பிள்ளையும் இங்கேதான் தெரிவார்கள். அவர்களுக்குக் கண் பரிசோதனை வேண்டும் என்று கடிதம் வரை காத்திருக்காமல் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ஆங்கிலத்தில் பி-யும் டி-யும் மாற்றி எழுதுவது, 12ஐ 21 என்று எழுதுவது இவற்றையெல்லாம் குறையாக எழுதாதீர்கள். ஏழு வயது வரை இது சகஜம்.

கடிதத்தின் உடம்பு

ஒரு பக்கம் போதும். இரண்டாம் பக்கம் போனால் பாராட்டு நீண்டிருக்கிறது என்று அர்த்தம். முதலில் அந்தப் பிள்ளை மட்டுமே செய்திருக்கக்கூடிய ஒரு சம்பவம். பிறகு ஜூனில் இருந்ததும் இன்று இருப்பதும். பிறகு இன்னும் வராதது, அதற்கு விடுமுறையில் வீட்டில் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலை. கடைசியில் ஒன்றாம் வகுப்பின் முதல் வாரங்களில் எது சுலபமாக இருக்கும், எதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கவேண்டும் என்பது.

ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பெயர் இனியன் என்று வைத்துக்கொள்ளலாம், வயது ஐந்தே முக்கால். நோட்டில் அவன் பக்கத்தில் இருப்பவை இவை:

ஜூன்: பாட்டி சேலையை விடாமல் வாசலில் அழுகை. கேட்டால் தலையாட்டல் மட்டும். பெயரில் "இ" மட்டும் எழுதுகிறான்.
ஆகஸ்ட்: டிபன் பாக்ஸை ஆயாம்மாவிடம் நீட்டுகிறான், வாய் திறந்து கேட்கவில்லை.
நவம்பர்: மைதானத்திலிருந்து ஓடி வந்தான். "மிஸ், நிலா கீழ விழுந்துட்டா, முட்டில ரத்தம்." தானாக வந்து சொன்ன முதல் முழு வாக்கியம்.
ஜனவரி: மூடியைத் தானே திறக்கிறான், பக்கத்தில் இருப்பவனுக்கும் திறந்து கொடுக்கிறான்.
மார்ச்: ஏழு கொட்டை கேட்டேன். ஆறு கொடுத்தான், என் கையில் இருந்ததை எண்ணிப் பார்த்து ஒன்று சேர்த்தான். "காக்கா எதுக்குப் பாடுச்சு?" "நரி பொய் சொல்லுச்சு, அது நம்பிடுச்சு." படம், மரம் சேர்த்து வாசிக்கிறான். மாடு மெதுவாக. கொம்பு வரும் சொற்கள் வரவில்லை. பென்சிலை அழுத்திப் பிடித்து நாலு வரியில் கையை உதறுகிறான்.

இதிலிருந்து வரும் கடிதம்:

"இனியனின் அம்மா, அப்பா, பாட்டி அனைவருக்கும் வணக்கம்.

நவம்பரில் ஒரு நாள் இனியன் மைதானத்திலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்து, நிலா விழுந்துவிட்டாள், முட்டியில் ரத்தம் வருகிறது என்று சொன்னான். ஜூன் மாதம் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டிய பிள்ளை, யாரும் கேட்காமல் வந்து சொன்ன முதல் செய்தி அது. அதற்குப் பிறகு தனக்குத் தேவையானதையும் கேட்கத் தொடங்கிவிட்டான். ஆகஸ்டில் டிபன் பாக்ஸை ஆயாம்மாவிடம் நீட்டிக்கொண்டு நின்றவன், இப்போது பக்கத்தில் இருக்கும் பையனுக்கும் மூடி திறந்து கொடுக்கிறான்.

ஜூனில் பெயரின் முதல் எழுத்தை மட்டும் எழுதினான். இன்று முழுப் பெயரையும் பார்க்காமல் எழுதுகிறான். படம், மரம் போன்ற சொற்களைச் சேர்த்து வாசிக்கிறான். மாடு போலக் கால் வரும் சொற்களை மெதுவாக வாசிக்கிறான். கொம்பு வரும் எழுத்துகள் இன்னும் பழகவில்லை. ஒன்றாம் வகுப்பில் அதை மறுபடி சொல்லிக் கொடுப்பார்கள். ஏழு கொட்டை கேட்டால் கொடுத்துவிட்டு, சரியா என்று தானே எண்ணிப் பார்த்துத் திருத்துகிறான். கதை கேட்டால் ஏன் அப்படி நடந்தது என்று யோசித்துச் சொல்கிறான்.

பென்சிலை மிகவும் அழுத்திப் பிடிப்பதால் நான்கு வரியிலேயே கை வலிக்கிறது. விடுமுறையில் எழுத வைக்க வேண்டாம். சப்பாத்தி மாவு பிசையும்போது ஒரு உருண்டை கொடுங்கள், துணி காயப்போடும்போது கிளிப் மாட்டச் சொல்லுங்கள். விரலுக்குப் பலம் வந்தால் பிடி தானாகத் தளரும்.

ஒன்றாம் வகுப்பில் நண்பர்களோடு பழகுவதும் பாடத்தைக் கேட்பதும் இவனுக்குச் சிரமமாக இருக்காது. புது ஆசிரியை, புது அறை என்பதால் முதல் சில நாட்கள் மறுபடி பேச்சு குறையலாம். இங்கே முதலில் பேச்சு வந்தது விளையாட்டு நேரத்தில்தான். அதைப் புது ஆசிரியையிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
யு.கே.ஜி. ஆசிரியை"

இதில் "நல்ல பிள்ளை" என்ற சொல்லே இல்லை. ஆனால் பாட்டி படித்துவிட்டுப் பேரனைப் பார்க்கும் விதம் வேறாக இருக்கும். இன்னும் வராத விஷயத்தை மறைக்கவும் இல்லை. கொம்பு பற்றிய வரியில் அது எங்கே, யாரால் தீரும் என்பதும் கூடவே வருகிறது; கை வலி பற்றிய வரியில் வீட்டுக்கு ஒரு வேலை வருகிறது. தீர்வு இல்லாத குறையைக் கடிதத்தில் போட்டால், அது பிள்ளை மேல் அடியாக விழும் வீடுகள் உண்டு. "கையெழுத்தில் கவனம் தேவை" என்ற ஒரு வரிக்காக மே மாதம் முழுக்கக் காப்பி நோட்டு எழுதித் தள்ளிய பிள்ளைகளை எல்லா ஆசிரியைகளும் பார்த்திருப்பார்கள்.

எழுதி முடித்ததும் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு எல்.கே.ஜி. மிஸ்ஸிடம் படித்துக் காட்டுங்கள். போன வருடம் அந்தப் பிள்ளைகள் அவர் வகுப்பில் இருந்தவர்கள். யாரென்று அவரால் சொல்ல முடியவில்லை என்றால் அது இன்னும் யாருடைய கடிதமும் ஆகவில்லை. நோட்டைத் திறந்து இன்னொரு சம்பவம் எடுங்கள்.

ஒரு நாளைக்கு நான்கு கடிதத்துக்கு மேல் எழுத வேண்டாம். ஐந்தாவதில் முதல் கடிதத்து வாக்கியங்கள் திரும்ப வரும். பெயர் வரிசையிலும் எழுதாதீர்கள், கடைசியில் இருக்கும் வைஷ்ணவிக்கும் யாழினிக்கும் எப்போதும் சோர்ந்த கடிதம்தான் கிடைக்கும்.

வகுப்பில் முதலாவதாக இருக்கும் பிள்ளையின் கடிதம் சுலபம் என்று நினைப்போம். உண்மையில் அதுதான் வெறும் பாராட்டாக முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கும் இன்னும் வராதது ஒன்று இருக்கும். விளையாட்டில் தோற்றால் அழுகிறதா, அடுத்தவர் பதில் சொல்லும் வரை பொறுக்க முடியவில்லையா, தப்பு வந்துவிடுமோ என்று ரப்பரால் பக்கத்தைக் கிழிக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் நாற்பது நிமிடப் பீரியடில் தன் முறைக்குக் காத்திருப்பது அந்தப் பிள்ளைக்குப் பெரிய வேலையாக இருக்கலாம். அம்மாவுக்கு அதையும் சொல்லவேண்டும்.

சொல்லக் கஷ்டமான கடிதம்

எல்லா வகுப்பிலும் இரண்டு மூன்று பிள்ளைகளைப் பற்றி நமக்கு ஒரு கவலை இருக்கும். இங்கே இரண்டு விதிகளை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் புதிதாக எந்த அதிர்ச்சியும் வரக் கூடாது. நோயின் பெயரோ குறைபாட்டின் பெயரோ நம் கையால் எழுதப்படக் கூடாது. "ஹைப்பர்", "ஆட்டிசம் மாதிரி இருக்கு", "ஸ்லோ லேர்னர்" இவையெல்லாம் ஸ்டாஃப் ரூமில் சாதாரணமாகப் புழங்கும் சொற்கள். அவற்றைச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை. நமக்கு இருப்பது ஒரு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தது. மருத்துவருக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

ஒரு பெண் குழந்தை. பெயர் கயல் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் "கவனமே இல்லை" என்று பேர் வாங்கியவள். நோட்டைப் புரட்டினால் வேறு விஷயம் தெரிகிறது. முன்னால் நின்று சொன்னால் உடனே செய்கிறாள். முதுகுப் பக்கம் நின்று பெயர் சொன்னால் திரும்புவதில்லை. பாட்டு நேரத்தில் பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்தபடி பாடுகிறாள். சளி பிடித்த வாரங்களில் இது அதிகமாக இருக்கிறது. இந்த வயதில் சளிக்குப் பிறகு காதுக்குள் நீர் தங்கி, கொஞ்ச காலம் காது மந்தமாக இருப்பது பரவலாக நடப்பது. இவளுக்கும் அதுதானா என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் காதைப் பார்க்கவேண்டும் என்று சொல்லலாம், சொல்லியே ஆகவேண்டும்.

மார்ச் முதல் வாரத்திலேயே அம்மாவைத் தனியாகக் கூப்பிடுங்கள். வேன் கிளம்பும் நேரத்தில் கேட் பக்கத்தில் நின்று சொல்லும் விஷயம் இல்லை இது. "உங்க பொண்ணுக்குக் காது கேக்கலன்னு நினைக்கிறேன்" என்று தொடங்காமல், "வீட்டுல டிவி சத்தம் கூட வைக்கிறாளாம்மா? நீங்க அடுப்படியிலேருந்து கூப்பிட்டா வர்றாளா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அம்மாவுக்கும் ஒரு சந்தேகம் இருக்கும், யாராவது கேட்கட்டும் என்று காத்திருப்பார். அப்புறம் நோட்டில் இருப்பதைப் படித்துக் காட்டி, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். வசதி இல்லாதவர்களை அரசு மருத்துவமனைக்கு அனுப்பலாம். பேச்சு, நடை, கவனம் என்று வளர்ச்சி சம்பந்தமாக எதைப் பார்க்கவேண்டும் என்றாலும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அங்கே பார்ப்பதற்குப் பணம் இல்லை.

ஏப்ரல் கடிதத்தில் இது இரண்டே வரி: "நாம் மார்ச்சில் பேசியபடி, முன்னால் நின்று சொல்லும்போது கயல் எல்லாவற்றையும் உடனே செய்கிறாள், பின்னாலிருந்து அழைத்தால் பல நேரம் திரும்புவதில்லை. மருத்துவர் பார்த்து முடிக்கும் வரை ஒன்றாம் வகுப்பில் முன் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள்." மீதிக் கடிதம் கயலைப் பற்றியது. அவள் போடும் கோலம், எண்ணும் வேகம், நாய்க்குட்டிக் கதை. கவலை கடிதம் முழுவதையும் விழுங்கிவிட விடாதீர்கள்.

"இன்னொரு வருஷம் யு.கே.ஜி.யிலேயே போட்டுடலாமா மிஸ்?" என்ற கேள்வியும் இந்தச் சமயத்தில்தான் வரும். இதற்குக் கடிதத்தில் பதில் எழுதாதீர்கள், நேரில் பேசுங்கள். என்னைக் கேட்டால், எழுத்து வரவில்லை என்பது மட்டும் அதற்குக் காரணமாகாது. ஐந்து வயது இப்போதுதான் முடிந்து, தன் தேவையைச் சொல்லவும் கொஞ்ச நேரம் தனியாக இருக்கவும் இன்னும் முடியாத பிள்ளை என்றால் பெற்றோரும் தலைமை ஆசிரியையும் உட்கார்ந்து யோசிக்கலாம். வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பெற்றோர், அங்கே தேர்வு வைப்பார்களாமே என்று பயந்தால் ஒன்று சொல்லுங்கள்: 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறது. அதே காரணத்தால் உங்கள் கடிதமும் ஒரு சேர்க்கைச் சான்றிதழாக மாறக் கூடாது. மதிப்பெண், ரேங்க், "வகுப்பில் முதலிடம்" எதுவும் அதில் வேண்டாம்.

எந்த மொழியில், எப்படிக் கொடுப்பது

இங்கிலீஷ் மீடியம் என்பதால் கடிதமும் ஆங்கிலத்தில் இருக்கட்டும் என்று நிர்வாகம் சொல்லலாம். வீட்டில் யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துப் படித்துக் கேட்கவேண்டிய கடிதத்தில் பிள்ளையைப் பற்றி மனம் திறந்து எழுத முடியாது. முடிந்தவரை தமிழிலேயே எழுதக் கேட்டு வாங்குங்கள். அதிலும் "நுண் இயக்கத் திறன் மேம்பட்டுள்ளது" என்று எழுதாமல், "கத்தரியால் கோட்டின் மேல் வெட்டுகிறாள்" என்று எழுதுங்கள்.

வாட்ஸ்ஆப் குரூப்பில் போடவே கூடாது. தனித்தனிக் கவரில், பெற்றோர் கூட்டத்தில் கையில் கொடுங்கள். படிக்க வராத பெற்றோருக்கு ஓரமாக உட்கார்ந்து நீங்களே படித்துக் காட்டுங்கள். பிள்ளையும் அம்மா மடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் என்பதை எழுதும்போதே நினைவில் வைத்திருந்தால், எந்த வரி இருக்கலாம் எது கூடாது என்பது தானாகத் தெரியும்.

உங்கள் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பு என்றால், அந்த ஆசிரியைக்குக் கடிதத்தின் நகலைக் கொடுப்பதோடு, பிள்ளைக்கு இரண்டு வரி வீதம் தனியாக ஒரு தாள் தயார் செய்யுங்கள். பெற்றோர் கடிதத்தில் இருக்கவேண்டாத, வகுப்பறைக்கு மட்டும் உதவும் விஷயங்கள் அதில் போகட்டும்: எந்த இருவரைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது, யாருக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, யாரை அழைத்துப்போகத் தாத்தா மட்டும்தான் வருவார், அழுகை வந்தால் எது நிறுத்தும். மே மாதமே கொடுத்தால் மேசை டிராயரில் தொலைந்துபோகும். ஜூனில் பள்ளி திறக்கும் முந்தின நாள், ஆசிரியர்கள் மட்டும் வரும் அன்று, கையில் கொடுத்துக் கால் மணி நேரம் பேசிவிடுங்கள்.